பின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தது யார்?

2021 ஆகஸ்டில் வியட்நாமின் ஹைபாங் நகரத்திலிருந்து ஓர் ஆங்கிலப் பயிற்சி மையம் என்னை வீடியோ அழைப்பில் நேர்காணல் செய்தது. பாலக்கோட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில், சுவரில் வெள்ளைத் துணியை ஆணியடித்துக் கட்டி, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் பி.ஏ. ஆங்கிலப் பட்டம் இருந்தது, தனியார் பள்ளியில் இரண்டு ஆண்டு அனுபவம் இருந்தது, பிறமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கென்று இணையத்தில் வாங்கிய, டெஃபல் எனப்படும் 120 மணி நேரச் சான்றிதழும் இருந்தது. அந்தச் சான்றிதழைத் திரையில் காட்டியபோது நேர்காணல் செய்த பெண்மணி அதைக் கூர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தப் படிப்பில் நீங்கள் பாடம் நடத்தியதை யார் உட்கார்ந்து பார்த்தார்கள்? எத்தனை மணி நேரம்?"

யாரும் பார்க்கவில்லை என்று சொன்னேன். அது உண்மை. காணொலிகளைப் பார்த்து, கொள்குறி வினாக்களுக்கு விடையளித்து, பன்னிரண்டு நாளில் முடித்த படிப்பு அது. 120 மணி நேரம் என்பது தாளில் அச்சிட்ட எண். நேர்காணல் இன்னும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வேலை கிடைக்கவில்லை.

மொழி கற்பிப்பதை வாழ்க்கைத் தொழிலாக்க நினைத்து இன்று எனக்கு எழுதுகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது எந்தச் சான்றிதழ் மலிவு என்பதுதான். அந்தப் பெண்மணியின் கேள்வியையே அவர்களுக்கு நான் பதிலாகத் தருகிறேன். ஐந்து ஆண்டுகளாக இந்தத் தொழிலில் என்னை நிறுத்தியிருப்பதும் அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் இப்போது பதில் இருப்பதுதான்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். அப்பாவுக்குப் பாலக்கோடு தக்காளிச் சந்தையில் கமிஷன் மண்டி. தர்மபுரியில் பட்டம் முடித்ததும் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் மாதம் 8,500 ரூபாய்க்குச் சேர்ந்தேன். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்து பள்ளி மூடியது, சம்பளமும் நின்றது. அப்போதுதான் சீனக் குழந்தைகளுடன் ஆங்கிலத்தில் பேச ஆசிரியர்களை எடுக்கும் ஓர் இணைய நிறுவனத்தில் சேர்ந்தேன். நிமிடக் கணக்கில் ஊதியம். மணிக்கு ஏறக்குறைய 250 ரூபாய் வரும். பாடமெல்லாம் அவர்களே தயாரித்த படவில்லைகள். அவற்றை வாசித்துச் சிரித்த முகத்துடன் இருப்பதுதான் என் வேலை. பெற்றோர் தரும் நட்சத்திரம் குறைந்தால் அடுத்த வாரம் வகுப்பு குறையும்.

2021 ஜூலையில் சீன அரசு தனிப்பயிற்சித் துறைக்கு ஒரு கடுமையான ஆணை கொண்டுவந்தது. நாட்டுக்கு வெளியே இருக்கும் வெளிநாட்டவரைப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பயிற்சியளிக்க அமர்த்தக்கூடாது என்பதும் அதில் ஒன்று. சில வாரங்களில் என் கால அட்டவணை வெறும் வெள்ளைக் கட்டங்களாக ஆனது. பதினாறு மாத உழைப்புக்குப் பிறகு என் கையில் மிஞ்சியது ஒரு பயனர் கணக்கும் நட்சத்திர எண்ணிக்கையும்தான். அவற்றை வேறு எங்கும் கொண்டுபோய்க் காட்ட முடியாது.

கதவுகள் எங்கே திறக்கும் என்று அதன்பிறகு தேடியபோது இன்னொன்றும் தெரிந்தது. தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர்களுக்கான விசா, பொதுவான வழியில், அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே கிடைக்கிறது. நான் எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்துகிறேன் என்பதை அங்கே எடைபோடவே மாட்டார்கள். இது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் பிழைப்பு என்று வரும்போது, பாஸ்போர்ட்டைப் பார்க்கும் நாடுகளை ஒதுக்கிவிட்டு, காகிதத்தையும் திறமையையும் பார்க்கும் நாடுகளில் கவனம் வைக்க வேண்டியிருந்தது. இந்தியரான நமக்குச் சான்றிதழ் மற்றவர்களைவிட ஒரு படி கனமாக இருந்தாக வேண்டும்.

அப்படித்தான் செல்டாவுக்கு வந்தேன். ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டுப் பிரிவு வழங்கும் சான்றிதழ் அது. அதிலும் 120 மணி நேரம் என்றே சொல்வார்கள், ஆனால் உள்ளடக்கம் வேறு. உண்மையான மாணவர்களுக்கு முன்னால், குறைந்தது இரண்டு நிலைகளில், மொத்தம் ஆறு மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். ஒவ்வொரு நிமிடத்தையும் பயிற்றுநர் பார்த்துக் குறிப்பெழுதுவார். அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளை ஆறு மணி நேரம் நாம் பார்க்க வேண்டும். நான்கு எழுத்துப் பணிகள் உண்டு. வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரும் வந்து பார்ப்பார். முழுநேரமாகப் படித்தால் நான்கைந்து வாரம். 2020-க்குப் பிறகு முழுவதும் இணையத்திலேயே படிக்கவும் வழி வந்துவிட்டது. அதனால்தான் பாலக்கோட்டில் இருந்தபடியே பகுதிநேரமாகப் பன்னிரண்டு வாரத்தில் என்னால் முடிக்க முடிந்தது. கட்டணம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அப்பா மண்டிக்காரர்கள் நடத்தும் ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுத்தார். "தக்காளி விலை போல இதுவும் ஏறி இறங்குமா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். நட்சத்திரம் இறங்கும், இது இறங்காது என்று சொன்னேன்.

சேர்வதற்கு முன் ஒரு தேர்வுப்பணியும் நேர்காணலும் உண்டு. "ஐ லிவ்டு ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்பதற்கும் "ஐ ஹேவ் லிவ்டு ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு தொடக்கநிலை மாணவருக்கு எப்படிப் புரியவைப்பீர்கள் என்று கேட்டார்கள். காலப் பெயர்களை மனப்பாடமாக ஒப்பித்தேன். "மாணவருக்கு இந்தப் பெயர்கள் தெரியாதே, அவரிடம் என்ன சொல்வீர்கள்?" என்றார் பயிற்றுநர். சற்று யோசித்து, "முதல் வாக்கியத்தைச் சொல்பவர் இப்போது இங்கே குடியிருக்கவில்லை, இரண்டாவதைச் சொல்பவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்" என்றேன். "இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

என் இரண்டாவது பாடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மொத்தப் படிப்பும் எனக்கு அந்த நாற்பது நிமிடத்தில்தான் இருக்கிறது. ஆறு மாணவர்கள், எல்லோரும் பெரியவர்கள், பல நாடுகளில் இருந்து. "யூஸ்டு டு" என்ற அமைப்பு, அதாவது முன்பு வழக்கமாக இருந்து இப்போது இல்லாத ஒன்றைச் சொல்வது. பள்ளியில் நடத்திய பழக்கத்தில் விதியை எழுதினேன், உடன்பாடு, எதிர்மறை, வினா என்று மூன்று பத்தியாகப் பிரித்தேன், ஒவ்வொன்றுக்கும் நான்கு எடுத்துக்காட்டு சொன்னேன். "புரிந்ததா?" என்று கேட்டேன். ஆறு பேரும் தலையசைத்தார்கள். பயிற்சித் தாளை அனுப்பினேன். அதில் பிரேசில்காரர் ஒருவர், "ஐ யூஸ்டு டு கோ டு த டென்டிஸ்ட் யெஸ்டர்டே" என்று எழுதியிருந்தார். நேற்று ஒரு முறை பல் மருத்துவரிடம் போனதை அவர் அப்படிச் சொல்லியிருந்தார். இன்னும் இருவருக்கும் இதே தவறு. நேரம் முடிந்துவிட்டது.

பயிற்றுநர் கையில் ஒரு நிறுத்தற்கடிகாரம் இருந்திருக்கிறது. நாற்பது நிமிடத்தில் நான் பேசியது இருபத்தேழு நிமிடம். மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து பேசியது ஆறு நிமிடத்துக்கும் குறைவு. மீதி, அமைதியும் தாள் அனுப்பியதும். பாடம் "தரத்தை எட்டவில்லை" என்று பதிவானது. அவர் எழுதிய குறிப்பில் ஒரு வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "புரிந்ததா என்று கேட்டால் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். புரிந்திருந்தால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேளுங்கள்."

அப்படிப்பட்ட கேள்விக்குக் கருத்துச் சோதனைக் கேள்வி என்று பெயர். "ஐ யூஸ்டு டு லிவ் இன் சேலம்" என்று எழுதிவிட்டு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இப்போது நான் சேலத்தில் இருக்கிறேனா? இல்லை. முன்பு இருந்தேனா? ஆம். ஒரு நாள் போய் வந்தேனா, வெகுகாலம் இருந்தேனா? வெகுகாலம். மூன்றாவது கேள்வியை நான் கேட்டிருந்தால் அந்தப் பல் மருத்துவர் வாக்கியம் பிறந்தே இருக்காது. இந்தக் கேள்விகளை வகுப்பில் நின்றுகொண்டு யோசித்து எடுக்க முடியாது. முந்தைய நாளே எழுதி வைக்க வேண்டும், அதுவும் கற்பிக்கப்போகும் சொல்லைப் பயன்படுத்தாமலேயே எழுத வேண்டும். ஒரு இலக்கண அமைப்புக்கு நல்ல மூன்று கேள்விகளை உருவாக்க ஆரம்பத்தில் எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

நாம் படித்த பள்ளிகளில் நல்ல ஆசிரியர் என்றால் நன்றாக விளக்குபவர். நானும் அப்படித்தான் பெயரெடுத்திருந்தேன். அந்தப் பெயரை ஒரு பயிற்றுநர் கடிகாரத்தை வைத்து அளந்து, விளக்கம் கற்றல் ஆகாது என்று காட்டினார். காணொலி பார்த்து முடிக்கும் படிப்பில் இது நடக்காது. அங்கேயும் இதே கருத்துச் சோதனைக் கேள்வியைப் பற்றி ஒரு பாடம் இருந்தது, நான் அதில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். தெரிந்திருந்தும் வகுப்பில் செய்யவில்லை. செய்யவில்லை என்பதைச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

எட்டாவது பாடத்தில் நான் பேசியது பதின்மூன்று நிமிடம். சான்றிதழ் சாதாரணத் தேர்ச்சி நிலையில்தான் கிடைத்தது. அதற்குமேல் இரண்டு நிலைகள் உண்டு, எனக்கு வரவில்லை. வேலைக்கு அது தடையாக இருந்ததில்லை. ஆனால் பயிற்றுநர் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். எத்தனை மணி நேரம், எந்தெந்த நிலை மாணவர்களுக்கு நடத்தினீர்கள், எங்கே வலுவானவர், எங்கே பலவீனம் என்றெல்லாம் அதில் இருக்கும். பின்னால் வந்த ஒவ்வொரு நேர்காணலிலும் அதையே திறந்து வைத்துப் பேசினார்கள்.

அதே ஹைபாங் மையத்துக்கு 2022 இறுதியில் மீண்டும் விண்ணப்பித்தேன். அதே கேள்வி வந்தது. இந்த முறை தரத்தை எட்டாத பாடத்தைப் பற்றியும் சேர்த்துச் சொன்னேன். வேலை கிடைத்தது. பிறகு தொடங்கியது காகிதப் போராட்டம். இதைப் பற்றி எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

முதல் சிக்கல் நம் ஊர்ப் பெயர் முறை. பட்டச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயருக்கு ஒரு முதலெழுத்து மட்டும் இருந்தது. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து, அப்பாவின் முழுப் பெயர் குடும்பப்பெயர் இடத்தில் இருந்தது. நமக்கு இரண்டும் ஒரே ஆள். வெளிநாட்டு அதிகாரிக்கு இரண்டு ஆட்கள். இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதையும் பட்டத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது. நல்லவேளையாக, செல்டாவில் பதிவு செய்தபோது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுத்திருந்தேன். இனிமேல் எந்தத் தேர்வுக்குப் பதிவு செய்தாலும், அது ஐஇஎல்டிஎஸ் ஆனாலும் வேறு எதுவானாலும், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துக்கூட்டல் மாறாமல் கொடுங்கள்.

இரண்டாவது, வரிசை. வியட்நாம் வேலை அனுமதிக்குப் பட்டமும் கற்பித்தல் சான்றிதழும் மருத்துவப் பரிசோதனையும் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் வேண்டும். இந்தியாவில் வாங்கிய பட்டத்துக்கு முதலில் மாநில உயர்கல்வித் துறையின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், கடைசியில் டெல்லியில் உள்ள அந்நாட்டுத் தூதரகத்தின் ஒப்பம் என்று மூன்று படி ஏறினேன். என்னிடம் இருந்ததோ தற்காலிகப் பட்டச் சான்றிதழ். பட்டமளிப்பு விழாச் சான்றிதழை நான் வாங்கவே இல்லை. நம் பக்கத்தில் பாதிப் பேர் வாங்குவதில்லை. அதற்கு விண்ணப்பித்துக் காத்திருந்தேன். இதற்கிடையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று நன்னடத்தைச் சான்றை முதலில் வாங்கி வைத்துவிட்டேன். வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்று வாங்கி ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. பட்டம் மூன்று படி ஏறி முடிவதற்குள் என் சான்று பழையதாகி, மறுபடி வாங்க வேண்டியதாயிற்று. பட்டம் முதலில், நன்னடத்தைச் சான்று கடைசியில் என்பதுதான் சரியான வரிசை.

ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் அறிக்கையும் அப்படியே. அது இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். வேலை தேடப்போகும் ஆண்டில் எழுதினால் போதும். செல்டாவுக்குக் காலாவதி கிடையாது. பெங்களூருக்குப் பஸ் ஏறிப்போய்த் தேர்வெழுதி 7.5 வாங்கினேன். பெரும்பாலும் ஏழு முதல் எட்டு வரை, ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் சி1 என்ற உயர்நிலையாகக் கொள்ளப்படுகிறது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் விண்ணப்பித்தால் அந்த நிலையைப் பல மையங்கள் எதிர்பார்க்கின்றன.

ஹைபாங்கில் இரண்டு ஆண்டு வேலை செய்தேன். வேலை அனுமதியும் ஒரு முறைக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டுதான். என் ஊதியம் அதே மையத்தில் இருந்த பிரிட்டன்காரரின் ஊதியத்தைவிடக் குறைவு என்பதும் போன பிறகு தெரிந்தது. இன்னொரு குறையும் அங்கேதான் புலப்பட்டது. செல்டா அடிப்படையில் பெரியவர்களுக்குக் கற்பிப்பதற்கான பயிற்சி. மையத்தில் எனக்குக் கிடைத்த வகுப்புகளில் முக்கால்வாசி ஆறு முதல் பத்து வயதுக் குழந்தைகள். முதல் இரண்டு மாதம் மிகவும் திணறினேன். அங்கே என்னைக் காப்பாற்றியது நம் ஊர்ப் பள்ளி அனுபவம்தான். ஐம்பது குழந்தைகளை ஓர் அறையில் உட்கார வைக்கத் தெரிந்தவருக்குப் பதினைந்து பேர் பெரிய விஷயமில்லை.

அங்கே கற்றதில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று உண்டு. வியட்நாமிய மொழியில் சொல்லின் இறுதியில் வரக்கூடிய மெய்கள் மிகச் சில. ஸ், ஃப், ல் போன்றவை இறுதியில் வரவே வராது. க், ட், ப் வந்தாலும் வாயை மூடியதோடு நின்றுவிடும், ஒலி வெளியே வராது. அதனால் "நைஸ்", "நைஃப்", "நைட்" மூன்றும் என் மாணவர்கள் வாயில் ஏறக்குறைய "நை" என்றே முடியும். நமக்கோ நேர் எதிரான பழக்கம். நாம் "நைஸு", "நைஃபு", "நைட்டு" என்று கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டிவிடுகிறோம். வல்லின மெய்யில் ஒரு சொல்லை முடிக்கத் தமிழ் நாக்கு ஒப்பாது, குற்றியலுகரம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அவர்கள் வாலை வெட்டுகிறார்கள், நாம் வால் சேர்க்கிறோம். "நைஃபு" என்று நான் சொல்லிக்கொடுத்த நாளில் ஒரு குழந்தை அதை இரண்டு அசையாகக் கைதட்டிக் காட்டியபோதுதான் என் உகரம் எனக்கே கேட்டது.

இரு தரப்புக்கும் ஒரே மருந்து பலித்தது. அந்தச் சொல்லைத் தனியாகச் சொல்லாமல், உயிரில் தொடங்கும் சொல்லோடு சேர்த்துச் சொல்வது. "நைஃப் அண்ட் ஃபோர்க்" என்பதை "நை, ஃபண்ட், ஃபோர்க்" என்று பிரித்துச் சொல்லச் சொன்னேன். "லைக் இட்" என்பது "லை, கிட்". இறுதி மெய் அடுத்த சொல்லின் உயிர்மீது ஏறிக்கொள்கிறது, பாலும் ஆடையும் பாலாடை ஆவதுபோல. நம் புணர்ச்சி இலக்கணம் படித்தவருக்கு இது புதிதே இல்லை. மெய் அடுத்த அசையின் முதலில் வந்துவிட்டால் வியட்நாமியக் குழந்தையால் அதை விழுங்க முடியாது, என்னாலும் அதில் உகரம் ஒட்ட முடியாது. நன்றாகப் பழகிய பிறகு அடுத்த சொல்லை எடுத்துவிட்டு, மெய்யை மட்டும் நிறுத்தச் சொல்வேன். மூன்று வாரத்தில் வித்தியாசம் கேட்டது. தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் ஆசிரியர் எவரும் அந்த மையத்தில் இதை இப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அந்த இடம் இடறியதே இல்லை. ஒப்பந்தம் முடியும் நேரத்தில் பெரியவர்களுக்கான உச்சரிப்பு வகுப்புகள் முழுவதையும் என்னிடமே கொடுத்திருந்தார்கள்.

2025-இல் அம்மாவின் உடல்நிலை காரணமாக ஊர் திரும்பினேன். இப்போது தர்மபுரியிலிருந்து இணையத்தில் கற்பிக்கிறேன். முதலில் எந்த நிறுவனத்திலும் சேரவில்லை. ஹைபாங்கில் படித்த பெரியவர்கள் சிலர் ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வுக்குத் தொடர்ந்து படிக்க விரும்பினார்கள். அவர்கள் வழியாக நண்பர்கள் வந்தார்கள். இன்று பதினெட்டுப் பேர், நான்கு குழுக்கள். ஒரு மணி நேரக் குழு வகுப்புக்கு எனக்கு வருவது முன்பு நிமிடக் கணக்கில் வாங்கியதைப்போல் ஐந்து மடங்கு.

இதில் நேரக் கணக்கைக் கவனிக்க வேண்டும். வியட்நாம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அவர்கள் வேலை முடித்து இரவு ஏழு மணிக்கு உட்கார்ந்தால் எனக்கு மாலை ஐந்தரை. ஒன்பது மணிக்குள் என் வேலை முடிந்துவிடும். அமெரிக்க மாணவர்களை எடுத்த தோழி ஒருத்தி விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஓர் ஆண்டு தாக்குப்பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். எந்த நாட்டுக்குக் கற்பிப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது ஊதியத்துக்கு அடுத்தபடி கடிகாரத்தைப் பாருங்கள். மின்தடைக்கு இன்வெர்ட்டரும், கம்பி இணையம் போனால் கைபேசி இணையமும் தயாராக இருக்கின்றன. வெளிநாட்டுப் பணம் வரும்போது எதற்கான வருமானம் என்ற குறியீட்டை வங்கியில் சரியாகக் கொடுத்து, ஒவ்வொரு வரவுக்கும் வங்கி தரும் அறிவிப்புச் சீட்டைச் சேர்த்து வைக்கிறேன். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அது கைகொடுக்கிறது.

பி.எட். வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு என் கருத்தை நேராகச் சொல்கிறேன். வளைகுடா நாடுகளின் இந்தியப் பள்ளிகளிலோ, பன்னாட்டுப் பள்ளிகளிலோ முழு ஆண்டுச் சம்பளத்தில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால் செல்டா போதாது. பள்ளிகள் கேட்பது பி.எட். தான், செல்டா அதற்கு மாற்று ஆகாது. அது இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் பள்ளியில் போய்க் கற்பிக்கும் பயிற்சி இருபது வாரம் இருக்கிறது. அதை மதிப்பெண்ணுக்கான சடங்காக முடித்துக் கையெழுத்து வாங்கி வருவதற்குப் பதிலாக, யாரையாவது உண்மையாகவே பின் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்ல முடிந்தால், செல்டா தரும் பயனில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும். பெரியவர்களுக்கு, பயிற்சி மையங்களில், அல்லது சொந்தமாக இணையத்தில் கற்பிக்க நினைத்தால் செல்டா முதலில். கையில் இருபத்தோரு வயதும் பட்டமும் மட்டும் இருக்கிறவர், பள்ளியா மையமா என்று இன்னும் முடிவு செய்யாதவர், பி.எட். முடிப்பது நல்லது. அது இரண்டு கதவையும் மூடாது.

120 மணி நேரச் சான்றிதழை வாங்கவே கூடாது என்றும் சொல்லமாட்டேன். இந்தத் தொழில் பிடிக்கிறதா என்று பார்க்க அது ஒரு மலிவான வழி. ஆனால் அதை நம்பி வேலையை விடாதீர்கள். எந்தப் படிப்பில் சேர்வதற்கு முன்னும் மூன்றைக் கேளுங்கள். உயிருள்ள மாணவர்கள் முன்னால் எத்தனை மணி நேரம் பாடம் நடத்துவேன்? அதை யார் பார்ப்பார்கள், அவர்களுடைய தகுதி என்ன? எழுத்தில் அறிக்கை தருவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

என் அடுத்த படி டெல்டா, செல்டாவுக்கு மேலே கேம்பிரிட்ஜ் வழங்கும் ஆசிரியர் தகுதி. அது மூன்று பகுதிகளாக இருக்கிறது, எந்த வரிசையிலும் எழுதலாம். முதல் பகுதி எழுத்துத் தேர்வு, ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. வருகிற ஜூனுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் பகுதியில் மறுபடியும் ஒருவர் என் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். மூன்றும் முடித்தால் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்குப் போகலாம்.

காரிமங்கலத்தில் நான் பள்ளியில் கற்பித்த பெண் ஒருத்தி இப்போது எம்.ஏ. முடித்துவிட்டு இணையத்தில் இரண்டு வங்கதேச மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். செல்டாவுக்கு இன்னும் பணம் சேரவில்லை. போன மாதம் தொலைபேசியில், "டீச்சர், அதுவரை நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். மாணவர்களின் அனுமதி வாங்கிக்கொண்டு என்னை உள்ளே விடச் சொன்னேன். கேமராவை அணைத்துவிட்டு, கையில் ஒரு கடிகாரமும் குறிப்பேடும் வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து நிமிடம் பார்த்தேன். அவள் பேசியது முப்பத்தொன்று. "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டது ஒன்பது முறை. குறிப்பை அனுப்பி, அடுத்த வகுப்புக்கு மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். நேற்று மாலை நான்காவது முறையாகப் பார்த்தேன். பத்தொன்பது நிமிடம். "அண்டர்ஸ்டாண்ட்?" ஒரு முறைதான் வந்தது, அதையும் பாதியில் நிறுத்திக்கொண்டு, "அவன் இன்னும் டாக்காவில் இருக்கிறானா?" என்று மாணவரைக் கேட்டாள்.